கடைசி நாளில் கட்டும் வட்டி

வங்கியில் நகைக் கடன் கவுன்ட்டர் முன்னால் பத்து நிமிடம் நின்றால் இந்தக் கேள்வி எப்படியும் காதில் விழும். "சார், எத்தனை பைசா வட்டி?" உள்ளே இருப்பவர் வருடக் கணக்கில் பதில் சொல்வார்: "ஒன்பது பர்சன்ட்மா." கேட்டவர் மனதுக்குள் பன்னிரண்டால் வகுத்து, "அப்ப முக்கால் வட்டிதானே" என்று உறுதி செய்துகொள்வார். தமிழ்நாட்டில் வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இவ்வளவு என்பதே பேச்சு. ஒரு ரூபாய் வட்டி என்றால் வருடத்துக்கு 12 சதவீதம், ஒன்றரை வட்டி என்றால் 18, இரண்டு வட்டி என்றால் 24.

இந்த மனக்கணக்கு சரியானதுதான். ஆனால் நகையை மீட்கப் போகும் நாளில் கையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு அது பாதி விடையைத்தான் தரும். அதுவும் 'புல்லட் ரீபேமென்ட்' என்று வங்கிக்காரர்கள் சொல்லும் வகைக் கடனில், அந்தப் பாதி விடையை நம்பிப் போனவர்கள் பணம் போதாமல் திரும்பி வருவது வழக்கமாக நடக்கிறது.

புல்லட் கடனில் மாதத் தவணை கிடையாது. நகையை வைத்த நாளிலிருந்து கெடு முடியும் வரை ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. கடைசியில் அசலையும் வட்டியையும் ஒரே தொகையாகக் கட்டி நகையை வாங்கிக்கொள்ளலாம். அறுவடை வந்தால்தான் பணம், சீட்டு விழுந்தால்தான் பணம், வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பினால்தான் பணம் என்று இருக்கும் வீடுகளுக்கு இது பொருத்தமான ஏற்பாடு. மாதச் சம்பளம் இல்லாதவரிடம் மாதத் தவணை கேட்பதில் அர்த்தமில்லை. ஆனால் இடையில் எதுவும் கட்டாததால், வட்டி எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதும் இடையில் கண்ணில் படுவதில்லை.

ஒரு கணக்கைக் கையில் எடுத்துக்கொள்வோம். ஒரு பெண் மூன்று பவுன் சங்கிலியை வைக்கிறார். கல், மெழுகு போன்றவற்றைக் கழித்த நிகர எடை 24 கிராம், 22 காரட். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காகக் கிராம் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சங்கிலியின் மதிப்பு 2,16,000 ரூபாய். அவர் வாங்கும் கடன் 1,50,000 ரூபாய். வட்டி வருடத்துக்கு 12 சதவீதம், கெடு 12 மாதம். பணம் கைக்கு வந்த நாள் 2025 ஜூன் 12.

தனி வட்டியாக இருந்தால் அவருடைய கடன் ஒரு நாளுக்கு எவ்வளவு வளர்கிறது என்று பார்ப்பதே நல்ல தொடக்கம். அசலை வட்டி விகிதத்தாலும் நாள்களின் எண்ணிக்கையாலும் பெருக்கி, 36,500-ஆல் வகுக்க வேண்டும். 36,500 என்பது 365 நாளையும் நூற்றுக்கு என்பதையும் சேர்த்த எண், வேறொன்றுமில்லை. இந்தச் சங்கிலிக்கு ஒரு நாள் வட்டி 49 ரூபாய் 32 காசு. வருடம் முழுக்க வைத்தால் வட்டி 18,000. கெடு முடியும் நாளில் கட்ட வேண்டியது 1,68,000 ரூபாய்.

அவர் அதுவரை காத்திருக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். 2026 பிப்ரவரி 20 அன்று பணம் புரண்டுவிட்டது, மீட்கப் போகிறார். ஜூன் 12-இலிருந்து பிப்ரவரி 12 வரை 245 நாள், அதற்கு மேல் 8 நாள், ஆக 253 நாள். வட்டி 12,477 ரூபாய். சில இடங்களில் பணம் வாங்கிய நாள், கட்டிய நாள் இரண்டையும் சேர்த்து 254 என்று எண்ணிவிடுவார்கள். அதனால் கூடுவது 49 ரூபாய்தான். பெரிய வித்தியாசம் வருவது மாதக் கணக்கில். எட்டு மாதம் முடிந்து எட்டு நாள் ஆகிவிட்டது, ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது, ஆகவே ஒன்பது மாத வட்டி என்று கணக்குப் போட்டால் 13,500 ரூபாய். இருக்காத 20 நாளுக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் கூடுதலாகப் போகிறது.

மாதம் பிறந்தால் முழு மாத வட்டி என்பது அடகுக் கடைகளில் பழகிப்போன முறை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அப்படிச் செய்யக்கூடாது. 2024 ஏப்ரல் 29 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இதை நேரடியாகவே பேசுகிறது. கடனை அனுமதித்த நாளிலிருந்தோ பத்திரத்தில் கையெழுத்து வாங்கிய நாளிலிருந்தோ வட்டி போடுவது, மாத நடுவில் கொடுத்து மாத நடுவில் வாங்கிய கடனுக்கு முழு மாத வட்டி பிடிப்பது ஆகியவை முறையற்றவை என்று சொல்லி, வாங்கிய அதிகப்படியைத் திருப்பிக் கொடுக்கவும் அது கூறியது. பணம் உண்மையில் கைக்கோ கணக்குக்கோ வந்த நாளிலிருந்துதான் வட்டி ஓட வேண்டும். தமிழ்நாட்டு அடகுக் கடைகள் 1943-ஆம் ஆண்டின் அடகுத் தொழில் சட்டத்தின் கீழ் மாநில அரசின் உரிமத்தில் நடப்பவை. ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை அங்கே செல்லாது. ஒரே நகைக்கு வங்கியிலும் கடையிலும் வட்டியை ஒப்பிடும்போது, விகிதத்தை மட்டும் பார்த்தால் போதாது என்பதற்கு இது ஒரு காரணம்.

இதுவரை பார்த்தது தனி வட்டி. ஏறிய வட்டி ஓரமாகவே நிற்கும், அசலோடு சேராது. எல்லா நகைக் கடனும் அப்படி இல்லை. பல வங்கிகளில் மாதக் கடைசியில் அந்த மாத வட்டியைக் கடன் கணக்கில் ஏற்றிவிடுவார்கள். மறு மாதம் அந்த வட்டிக்கும் வட்டி. மாதாமாதம் சேரும் கணக்கில் அதே 1,50,000 ரூபாய் வருடக் கடைசியில் 1,69,024 ரூபாய் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்தால் 1,68,826. தனி வட்டியில் 1,68,000. வித்தியாசம் ஆயிரம் ரூபாய்க்குப் பக்கம். மிரள வேண்டிய தொகை இல்லை என்றாலும், 'ஒரு ரூபாய் வட்டி' என்று சொல்லி வாங்கிய கடன் உண்மையில் ஒரு வருடத்துக்கு 12.68 சதவீதம் ஆகிவிட்டிருக்கிறது. இரண்டு வங்கியும் 12 சதவீதம் என்றே விளம்பரம் செய்யும். எது எந்த முறை என்பது கடன் பத்திரத்தில் 'மாதாந்திரக் கூட்டு' போன்ற ஒரு சிறு வரியில் இருக்கும். பத்திரத்தில் தேடிக் கண்டுபிடிப்பது சிரமமாக இருந்தால், கேட்க வேண்டிய கேள்வி எளிமையானது: "நடுவில ஒண்ணுமே கட்டலைன்னா, கெடு அன்னைக்கு மொத்தம் எவ்வளவு சார்?" அந்த ஒரு தொகையைக் காகிதத்தில் எழுதி வாங்கிவிட்டால், கூட்டு வட்டியா தனி வட்டியா என்பதை வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். 1,68,000-க்கு மேல் இருந்தால் கூட்டு வட்டி, அல்லது வேறேதோ கட்டணம் உள்ளே இருக்கிறது.

பெரிய தொகை கைநழுவுவது இன்னொரு இடத்தில். சில நிதி நிறுவனங்கள் ஒரே விகிதத்தைச் சொல்வதில்லை, படிப்படியாக ஏறும் விகிதத்தைச் சொல்கின்றன. பெயர் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒன்று, உள்ளே இருக்கும் சூத்திரம் ஏறக்குறைய ஒன்றே. வட்டியைச் சீக்கிரம் கட்டினால் குறைந்த விகிதம், தாமதமானால் உயர்ந்த விகிதம். பத்திரத்தில் அச்சாகியிருப்பது உயர்ந்த விகிதம்தான். குறைந்த விகிதம் என்பது, சொன்ன நாளுக்குள் கட்டுபவருக்குத் தரும் தள்ளுபடி. விளம்பரப் பலகையில் பெரிய எழுத்தில் இருப்பதோ அந்தத் தள்ளுபடி விகிதம். இடையில் எதுவும் கட்டாமல் கடைசியில் மொத்தமாகக் கட்ட நினைப்பவருக்கு அந்தத் தள்ளுபடி கிடைக்கவே போவதில்லை. மாதாமாதம் வட்டி கட்டுபவருக்காகச் செய்த திட்டத்தை, கடைசியில் கட்டுபவர் வாங்கிவிடுகிறார்.

நம் சங்கிலியையே இப்படி ஒரு திட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 90 நாளுக்குள் மீட்டால் 12 சதவீதம், 91-இலிருந்து 180 நாள் வரை 16, அதற்கு மேல் 20 என்று இருக்கிறது. 253 நாள் கழித்து மீட்டால் வட்டி எவ்வளவு? இந்த மூன்று எண்களை வைத்துக்கொண்டு இரண்டு விதமாகக் கணக்குப் போட முடியும்.

முதல் விதத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் அதனதன் விகிதம். முதல் 90 நாளுக்கு 4,438 ரூபாய், அடுத்த 90 நாளுக்கு 5,918, மீதி 73 நாளுக்கு 6,000. மொத்தம் 16,356 ரூபாய். இரண்டாம் விதத்தில், 180 நாள் தாண்டிவிட்டதால் முதல் நாளிலிருந்தே 20 சதவீதம். வட்டி 20,795 ரூபாய். வாசல் பலகையில் இருந்த 12 சதவீதத்தை நம்பி வந்தவர் மனதில் வைத்திருந்ததோ 12,477. நகை ஒன்றே, நாள் ஒன்றே, பலகையும் ஒன்றே. ஆனால் எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வந்துவிட்டது.

இரண்டாவது முறையில் எல்லை நாள் மிகவும் கூர்மையானது. 90-ஆம் நாள் மீட்டால் வட்டி 4,438 ரூபாய். ஒரு நாள் தள்ளி 91-ஆம் நாள் போனால் முழுக் காலத்துக்கும் 16 சதவீதம் ஆகி 5,984 ரூபாய். அந்த ஒரு நாளின் விலை 1,500 ரூபாய்க்கும் மேல். 90-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமையாகவோ பண்டிகை விடுமுறையாகவோ இருந்தால் என்ன செய்வார்கள் என்பதையும் நகை வைக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. தன் கடன் எந்த முறை என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. நிறுவனம் தரும் வட்டி அட்டவணையில் 90 நாளுக்கும் 91 நாளுக்கும் கட்ட வேண்டிய தொகையைத் தனித்தனியாகக் கேட்கலாம். இரண்டுக்கும் நடுவே அறுபது எழுபது ரூபாய் வித்தியாசம் என்றால் பகுதிவாரிக் கணக்கு. ஆயிரத்தைத் தாண்டினால் முதல் நாளிலிருந்து திருப்பிப் போடும் கணக்கு.

கட்டணங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நகை மதிப்பீட்டாளர் கட்டணம், பரிசீலனைக் கட்டணம் என்று முதலிலேயே பிடிப்பவை கடன் எத்தனை நாள் இருந்தாலும் மாறாது. அதனால் குறுகிய காலக் கடனில்தான் அவை கடிக்கும். மொத்தம் 900 ரூபாய் பிடித்தார்கள் என்றால், வருடம் முழுக்க வைத்தவருக்கு உண்மைச் செலவு 12.6 சதவீதம். முப்பதே நாளில் மீட்டவருக்கு வட்டி 1,479-உம் கட்டணம் 900-உம் சேர்ந்து, வருடக் கணக்கில் அது 19.3 சதவீதம். 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்களுக்கு வங்கிகளும் நிதி நிறுவனங்களும் முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். கட்டணத்தையும் சேர்த்த ஆண்டு விகிதம் அதில் தனியாக அச்சாகியிருக்கும். வட்டி விகிதம் என்ற வரியைவிட, அதற்குக் கீழே இருக்கும் அந்த வரிதான் கடனின் உண்மையான விலை.

கடைசியில் கட்டும் கடன் என்றால் நடுவில் கட்டக்கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கட்டலாம். அப்படிக் கட்டிய பணம் முதலில் அதுவரை ஏறிய வட்டிக்குப் போகும், மீதிதான் அசலைக் குறைக்கும். நம் பெண் தீபாவளிச் சமயத்தில், அக்டோபர் 12 அன்று, 50,000 ரூபாய் கட்டினார் என்று வைத்துக்கொள்வோம். அன்றோடு 122 நாள். ஏறியிருந்த வட்டி 6,016 ரூபாய். அது போக 43,984 ரூபாய் அசலில் கழிந்து, மீதி அசல் 1,06,016 ஆகிறது. அதிலிருந்து பிப்ரவரி 20 வரை 131 நாளுக்கு வட்டி 4,566. இரண்டும் சேர்ந்து 10,582 ரூபாய். நடுவில் எதுவும் கட்டாமல் இருந்திருந்தால் 12,477. கிட்டத்தட்ட 1,900 ரூபாய் மிச்சம். பணத்தை வீட்டில் வைத்திருந்து கெடுவன்று மொத்தமாகக் கட்டுவதால் எந்த லாபமும் இல்லை. கட்டிய பிறகு ரசீதில் அசல் பாக்கி குறைந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். கட்டிய தொகையை அசலில் கழிக்காமல் முன்பணமாகத் தனியே நிறுத்தி வைத்திருந்தால் பழைய அசலுக்கே வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

இதே காரணத்தால்தான் மாதத் தவணைக் கடனோடு புல்லட் கடனை ஒப்பிடும்போது ஒரு குழப்பம் வருகிறது. அதே 1,50,000 ரூபாய், அதே 12 சதவீதம், 12 மாதத் தவணை என்றால் மொத்த வட்டி 9,928 ரூபாய்தான். புல்லட்டில் 18,000. "பாதிக்குப் பாதி கூட வாங்குறாங்களே" என்று தோன்றும். யாரும் கூடுதலாக வாங்கவில்லை. தவணைக் கடனில் மாதம் 13,327 ரூபாய் கட்டக் கட்ட அசல் கரைந்துகொண்டே போகிறது. புல்லட்டில் முழு அசலும் வருடம் முழுக்கக் கையிலேயே இருக்கிறது. அதிகமாகக் கொடுப்பது அதிகப் பணத்தை அதிக நாள் வைத்திருந்ததற்கான வட்டி.

இனி, எவ்வளவு கடன் கிடைக்கும் என்ற கேள்வி. இதிலும் கடைசி நாள் வட்டி புகுந்துவிட்டது. ரிசர்வ் வங்கி 2025 ஜூன் 6 அன்று தங்கம், வெள்ளி அடமானக் கடன்களுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதிகளை வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லோரும் அதற்கு மாறியாக வேண்டும் என்பது நிபந்தனை. இதன்படி வீட்டுத் தேவைக்கான கடன் இரண்டரை லட்சம் ரூபாய் வரை என்றால் நகை மதிப்பில் 85 சதவீதம் வரையும், அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை 80 சதவீதமும், அதையும் தாண்டினால் 75 சதவீதமும் கொடுக்கலாம். அதுவரை உச்சவரம்பு 75 சதவீதமாக இருந்ததால், 85 என்ற எண் செய்திகளில் பெரிதாக வந்தது.

ஆனால் புல்லட் கடனுக்கு இந்த 85 சதவீதம் கையில் வாங்கும் தொகைக்கானது அல்ல. கெடு நாளில் அசலும் வட்டியுமாகக் கட்ட வேண்டிய மொத்தத் தொகைதான் அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். நம் சங்கிலியின் மதிப்பு 2,16,000. அதில் 85 சதவீதம் 1,83,600 ரூபாய். மாதத் தவணையில் வாங்குபவர் இந்த முழுத் தொகையையும் கடனாகப் பெறலாம். வருடக் கடைசியில் கட்டுபவருக்கு, 12 சதவீத வட்டியும் அந்த 1,83,600-க்குள் இருந்தாக வேண்டும் என்பதால் அசல் 1,63,928 ரூபாயோடு நின்றுவிடும். சுமார் 19,700 ரூபாய் குறைவு. வட்டி விகிதம் ஏறினால் கைக்கு வரும் தொகை இன்னும் குறையும். 'பக்கத்து வீட்டுக்காரருக்கு அதே மூன்று பவுனுக்கு அதிகம் கொடுத்தார்களே' என்று கேட்பவருக்கு விடை பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

மதிப்புப் போடுவதிலும் ஒரு விதி உண்டு. முந்தைய 30 நாள் சராசரி விலை, முந்தைய நாள் விலை, இரண்டில் எது குறைவோ அதையே எடுப்பார்கள். விலை வேகமாக ஏறும் காலத்தில் சராசரி பின்தங்கியே இருக்கும். அதனால் செய்தித்தாளில் பார்த்த விலையை வைத்து வீட்டில் போட்ட கணக்கைவிட வங்கியில் போடும் மதிப்பு குறைவாக வரும். செய்கூலி, சேதாரம், கல் எதற்கும் மதிப்பு இல்லை. நகையை எதிரிலேயே எடை போட்டு, எதற்காக எவ்வளவு கழித்தார்கள் என்பதைச் சொல்லி, மொத்த எடை, நிகர எடை, தரம் எல்லாம் எழுதிய சான்றைக் கையில் தர வேண்டும்.

தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் பேசப்பட்டது இந்தச் சதவீதங்கள் அல்ல, மாற்றி வைப்பது பற்றி. ஒரு வருடம் முடிந்ததும் நகையை வெளியே எடுக்காமல், காகிதத்தை மட்டும் புதிதாக எழுதிக் கடனை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடுவது நெடுநாள் பழக்கம். தங்க விலை ஏறிக்கொண்டே போனதால், ஏறிய வட்டியையும் புதுக் கடனில் சேர்த்துவிட முடிந்தது. கையிலிருந்து ஒரு காசும் போகவில்லை என்ற நிம்மதி. கணக்கில் நடந்தது வேறு. முதல் வருடக் கடைசியில் 1,68,000 ஆன கடன் அப்படியே புது அசலாகிறது. அடுத்த வருட வட்டி 18,000 அல்ல, 20,160. இரண்டாம் வருடக் கடைசியில் பாக்கி 1,88,160. மூன்றாம் வருடக் கடைசியில் 2,10,739. தனி வட்டி என்று சொல்லி வாங்கிய கடன், மாற்றி வைக்கும் ஒவ்வொரு முறையும் கூட்டு வட்டியாகிவிடுகிறது. நகை விலை நகராமல் நின்றிருந்தால், மூன்று பவுனின் கிட்டத்தட்ட முழு மதிப்பும் மூன்றே வருடத்தில் கடனுக்குள் போயிருக்கும்.

ரிசர்வ் வங்கி 2024 செப்டம்பர் 30 அன்று, நகைக் கடன் கொடுப்பதில் தன் ஆய்வில் தென்பட்ட முறைகேடுகளைப் பட்டியலிட்டுச் சரிசெய்யச் சொன்னது. அதன் பிறகு 2025-இல் பல கிளைகளில் கெடுபிடி கூடியது. அசலும் வட்டியும் முழுதாகக் கட்டினால்தான் மறுபடி வைக்க முடியும் என்றார்கள். 1,68,000 ரூபாயை ஒரு நாளுக்குப் புரட்ட வேண்டிய நிலை வந்தவர்கள் வெளியே கைமாற்று வாங்கினார்கள். அந்த ஒரு நாளுக்கும் வட்டி உண்டு. அந்த ஆண்டு கோடையில் தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பு நியாயமானது. அசலைப் புரட்ட முடிந்தவர் எதற்காக நகையை வைக்கப்போகிறார்?

ஜூன் விதிகள் நடுவழி ஒன்றை எடுத்திருக்கின்றன. வீட்டுத் தேவைக்கான புல்லட் கடன் அதிகபட்சம் 12 மாதம்தான். கேட்டால் புதுப்பிக்கலாம். ஆனால் அதுவரை ஏறிய வட்டியைக் கட்டிய பிறகுதான். மதிப்பு வரம்புக்குள்ளும் இருக்க வேண்டும், கடன் வாராக்கடன் ஆகியிருக்கவும் கூடாது. நம் கணக்கில் புதுப்பிக்க வேண்டிய நாளில் 18,000 ரூபாய் பணமாகக் கையில் இருக்க வேண்டும். அதைக் கட்டிவிட்டால் அடுத்த வருடம் மீண்டும் 1,50,000-க்கே வட்டி ஓடும். அசல் வீங்காது. ஆனால் இந்தப் பதினெட்டாயிரத்தை வருடக் கடைசியில் திடீரென்று தேட முடியாது. மாதம் 1,500 ரூபாய் ஒதுக்கிவர வேண்டும். அப்படி ஒதுக்க முடிகிறவர், மேலே பார்த்ததைப் போல அதை அவ்வப்போது கடனிலேயே கட்டிவிடுவது இன்னும் நல்லது.

கட்டவே முடியாமல் கெடு தாண்டிவிட்டால்? தாமதத்துக்கான அபராதத்தை இப்போது வட்டியாகப் போட முடியாது, கட்டணமாகத்தான் போட வேண்டும். 2023 ஆகஸ்டில் வந்த ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி அந்த அபராதத்தின் மேல் மறுபடி வட்டி ஏறக்கூடாது. மீட்புச் சீட்டில் 'கூடுதல் வட்டி 2 சதவீதம்' என்று ஒரு வரி இருந்தால் அது என்ன என்று கேட்கலாம். கடனுக்கான வழக்கமான வட்டி மட்டும் நாள்தோறும் ஓடிக்கொண்டேயிருக்கும்.

நகை மூழ்கும் நிலை வந்தால், முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுத்தான் ஏலம் விட வேண்டும். ஏலத்தின் தொடக்க விலை அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. இரண்டு முறை ஏலம் போகாவிட்டால் மட்டும் 85 வரை இறங்கலாம். அதே 2,16,000 ரூபாய் மதிப்பில் சங்கிலி ஏலத்துக்கு வந்தால் தொடக்க விலை 1,94,400. வட்டியோடு சேர்ந்த பாக்கி, அபராதம், ஏலச் செலவு எல்லாம் சேர்த்து 1,75,000 ஆகியிருந்தாலும் 19,400 ரூபாய் மிஞ்சுகிறது. இந்த மிச்சம் நகைக்காரருடையது. ஏலப் பணம் முழுதும் வந்த ஏழு வேலை நாளுக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும். நகை போய்விட்டது என்று மனம் விட்டு, இந்தத் தொகையைக் கேட்காமலே இருந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஏலக் கணக்கை எழுத்தில் கேட்டு வாங்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

ஒழுங்காக மீட்பவர் பணம் கட்டியதும் அன்றைக்கே நகை கைக்கு வர வேண்டும், அதிகபட்சம் ஏழு வேலை நாளுக்குள். வங்கியின் தவறால் அதற்கு மேல் தாமதமானால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்கிறது புதிய விதி. கடன் வாங்கியவர் ஒரு நாள் தாமதித்தால் நம் கணக்கில் 49 ரூபாய் 32 காசு.